ஒரு முறை மைலேஜ் 112, அடுத்த முறை 15: எக்ஸ்எல் வண்டிக்குச் செயலியில் கணக்கு எழுதுவது எப்படி?

கோட்டையூர்க்காரன்

எல்லோருக்கும் வணக்கம். கோட்டையூரில் வீடு, காரைக்குடி செக்காலைச் சாலையில் வேலை. வண்டி டிவிஎஸ் எக்ஸ்எல் 100. சம்பளத்தில் பெட்ரோலுக்கும் பட்டறைக்கும் எவ்வளவு போகிறது என்று தெரிந்துகொள்ள, பெட்ரோல் கணக்கு எழுதும் செயலி ஒன்றைக் கைப்பேசியில் போட்டேன். ஒவ்வொரு முறை பெட்ரோல் போட்டதும் ஓடோமீட்டரைப் பார்த்து எழுதிவிடுகிறேன். ஆனால் அது காட்டும் மைலேஜை வீட்டில் சொன்னால் சிரிக்கிறார்கள். நீங்களே பாருங்கள். கணக்குக்குச் சுலபமாக லிட்டர் 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டிருக்கிறேன்.

18,240 கி.மீ.: தொட்டி நிரம்பப் போட்டேன்
18,412 கி.மீ.: 200 ரூபாய், 2.0 லிட்டர். செயலி சொன்னது 86
18,466 கி.மீ.: 200 ரூபாய், 2.0 லிட்டர். செயலி சொன்னது 27
18,578 கி.மீ.: 100 ரூபாய், 1.0 லிட்டர். செயலி சொன்னது 112
18,610 கி.மீ.: தொட்டி நிரம்ப, 2.1 லிட்டர். செயலி சொன்னது 15.2

வண்டியில் கோளாறா, செயலியில் கோளாறா? வேறு நல்ல செயலி இருந்தால் சொல்லுங்கள், மாற்றிவிடுகிறேன்.

செக்காலை சிவா

செயலியை மாற்ற வேண்டாம் தம்பி. ஒவ்வொரு தடவையும் வருகிற எண்ணைப் பார்க்கக் கூடாது, சராசரியைத்தான் பார்க்க வேண்டும். 86, 27, 112, 15.2 நான்கையும் கூட்டி நான்கால் வகுத்தால் 60. எக்ஸ்எல் வண்டிக்கு 60 கிடைத்தால் யோகம்தான். கவலையை விடுங்கள்.

பட்டறைப் பாண்டி

சிவா அண்ணன் சொன்னதில் பாதி சரி. தனித்தனி எண்ணை நம்பக் கூடாது என்பது உண்மை. ஆனால் 60 என்பது அந்த வண்டியின் மைலேஜ் அல்ல.

தம்பி, இரண்டாவது வரியைப் பாருங்கள். 172 கிலோமீட்டர் ஓடியிருக்கிறீர்கள், போட்டது 2 லிட்டர். 172 கிலோமீட்டரும் அந்த 2 லிட்டரில் ஓடியதா? இல்லையே. முன்னே நிரப்பி வைத்திருந்த 4 லிட்டரில் ஓடியது. அதில் எவ்வளவு தீர்ந்தது என்று உங்களுக்கும் தெரியாது, செயலிக்கும் தெரியாது. சட்டைப் பையில் 200 ரூபாய் இருந்தது என்பதுதான் அந்த 2 லிட்டருக்குக் காரணம். வண்டி குடித்த அளவுக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

தொட்டியைக் கழுத்து வரை நிரப்பி, ஓட்டி, திரும்பவும் அதே கழுத்து வரை நிரப்பினால் மட்டும்தான் போட்ட அளவும் தீர்ந்த அளவும் ஒன்றாகும். உங்கள் கணக்கில் நிரம்பிய வரிகள் முதலும் கடைசியும்தான். இரண்டுக்கும் இடையே ஓடியது 370 கி.மீ. இடையில் போட்டது 2 + 2 + 1, கடைசியில் 2.1, ஆக 7.1 லிட்டர். 370-ஐ 7.1-ஆல் வகுத்தால் 52.1. இதுதான் உங்கள் வண்டியின் மைலேஜ்.

முதலில் போட்ட பெட்ரோலை ஏன் சேர்க்கவில்லை என்று கேட்பார்கள், பட்டறையில் தினமும் கேட்கிறார்கள். முதல் நிரப்பல் வெறும் கோடு. அதற்குப் பிறகு போட்டதுதான் கணக்கு.

கோட்டையூர்க்காரன்

புரிகிறது அண்ணே. அப்படியானால் 200 ரூபாய்க்குப் போடுகிறவர்கள் செயலியே வைத்துக்கொள்ளக் கூடாதா? மாதக் கடைசியில் தொட்டியை நிரப்ப எங்கே போவது?

பட்டறைப் பாண்டி

தாராளமாக வைத்துக்கொள்ளலாம். செயலி இதற்கு வழி வைத்திருக்கிறது. பெட்ரோல் பதிவு போடும் பக்கத்தில் தொட்டி நிரம்பியதா என்று ஒரு சின்னக் கட்டம் இருக்கும். ஃபியூலியோவில் இருக்கிறது, மற்றச் செயலிகளிலும் பெரும்பாலும் உண்டு. 200 ரூபாய்க்குப் போடும்போது அந்தக் குறியை எடுத்துவிட வேண்டும். அப்போது செயலி அந்த வரிக்கு மைலேஜ் சொல்லாமல் லிட்டரை மட்டும் சேர்த்து வைத்துக்கொள்ளும். அடுத்து நீங்கள் நிரப்பிக் குறியிடும்போது எல்லாவற்றையும் கூட்டி ஒரே எண்ணாகச் சொல்லும். நீங்கள் ஐந்து வரியிலும் குறியை அப்படியே விட்டிருக்கிறீர்கள் போலிருக்கிறது.

மாதத்தில் ஒரு முறை, சம்பளம் வந்த வாரத்தில் நிரப்பினால் போதும். இடையில் எத்தனை முறை சில்லறைக்குப் போட்டாலும் பாதகமில்லை, ஒன்றையும் விடாமல் எழுதினால் சரி. பதிவு ஒன்று விட்டுப்போனால் அதற்கும் தனிக் குறி இருக்கிறது, முந்தைய நிரப்பல் விடுபட்டது என்று. அதை இட்டால் அந்த இடைவெளியைக் கணக்கில் சேர்க்காது. இடாவிட்டால் திடீரென்று 90, 100 என்று வானத்துக்குப் போகும்.

பேரேடு

கானாடுகாத்தானிலிருந்து எழுதுகிறேன். வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன். செயலி எதுவும் வேண்டாம் என்பது என் கட்சி. எங்கள் ஐயா காலத்தில் கடல் தாண்டி நடந்த வட்டிக் கடைக்கே நாள்வழியும் பேரேடும்தான். ஒரு மொபெட்டுக்கு அதற்கு மேல் என்ன வேண்டியிருக்கிறது? ஆனால் என் பேரன் கேட்டதால் கணினி விரிதாளில் போட்டுக் கொடுத்தேன். முதல் வரி தலைப்பு. A பத்தியில் ஓடோமீட்டர், B பத்தியில் லிட்டர். தம்பியின் ஐந்து பதிவையும் 2 முதல் 6 வரை வைத்தால் இவ்வளவுதான்:

```
=(A6-A2)/SUM(B3:B6)
```

B2-வைச் சேர்க்காமல் B3-இலிருந்து தொடங்கியிருப்பதைக் கவனிக்கவும். பாண்டி சொன்ன கோடு அதுதான். 52.1 வரும்.

சிவாவுக்கு ஒரு வார்த்தை. மைலேஜ் எண்களைக் கூட்டி வகுக்கக் கூடாது. 112 என்பது ஒரு லிட்டருக்கு வந்த எண், 27 என்பது இரண்டு லிட்டருக்கு வந்த எண். இரண்டுக்கும் ஒரே மதிப்புக் கொடுத்தால் கணக்கு வீங்கிவிடும். உங்கள் 60 அப்படி வீங்கியது. மொத்த ஓட்டத்தை மொத்த லிட்டரால் வகுப்பதே முறை.

செக்காலை சிவா

ஐயா, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கழுத்து வரை நிரப்புவதும் அவ்வளவு நிச்சயமில்லை. பங்க்கில் குழாய் தானாக நின்றதும் ஒருவர் நிறுத்திவிடுகிறார், இன்னொருவர் சில்லறைக் கணக்கைச் சரிசெய்ய இன்னும் கொஞ்சம் விடுகிறார். சைடு ஸ்டாண்டில் நின்றால் ஓர் அளவு, சென்டர் ஸ்டாண்டில் நின்றால் ஓர் அளவு. பிறகு 52.1 என்று புள்ளி வைத்துச் சொல்வதில் என்ன அர்த்தம்?

பட்டறைப் பாண்டி

நல்ல கேள்வி. 7.1 லிட்டரில் 0.2 லிட்டர் முன்பின் ஆனால் மைலேஜ் 50.7-ஆகவும் வரலாம், 53.6-ஆகவும் வரலாம். அதனால் ஒரு நிரப்பலுக்கு 52, அடுத்ததற்கு 51 என்று வந்தால் வண்டியை என்னிடம் கொண்டுவராதீர்கள். அது வெறும் ஆட்டம். தொடர்ந்து மூன்று, நான்கு நிரப்பலும் ஒரே பக்கமாக இறங்கினால்தான் செய்தி.

ஆட்டத்தைக் குறைக்க வழி உண்டு. ஒரே பங்க், சென்டர் ஸ்டாண்டு, குழாய் தானாக நின்றதும் போதும் என்று சொல்லிவிடுவது. அதோடு, நிரப்பல்களுக்கு இடையே எவ்வளவு அதிக லிட்டர் சேருகிறதோ அவ்வளவு நல்லது. 7 லிட்டரில் 0.2 தவறினால் 3 சதவீதம்கூட இல்லை, 2 லிட்டரில் தவறினால் 10 சதவீதம். எக்ஸ்எல் தொட்டியே 4 லிட்டர்தான் என்பதால், நடுவில் சில்லறைக்குப் போட்டு மாதம் ஒரு முறை நிரப்புவது உங்களுக்கு உண்மையில் வசதி.

கண்டனூர் ஆச்சி

நானும் செயலி வைத்திருக்கிறேன். வீட்டில் முறுக்கு, சீப்புச் சீடை, மாவுருண்டை செய்து காரைக்குடி, புதுவயல் கடைகளுக்கு ஸ்கூட்டரில் கொண்டுபோய்ப் போடுகிறேன். என் செயலியில் 2.1 என்று வருகிறது. போன மாதம் 1.9 இருந்தது. கூடியிருக்கிறது என்று மகிழ்ந்தேன், மகன் என்னைக் கேலி செய்கிறான். அதோடு, பலகாரத்துக்குப் போன பெட்ரோலையும் கோவிலுக்குப் போன பெட்ரோலையும் பிரிப்பது எப்படி என்று சொல்லுங்கள். தம்பி கேட்பதும் அதுதானே?

பேரேடு

ஆச்சி, உங்கள் செயலி 100 கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்று சொல்கிறது. அந்த வகையில் எண் கூடினால் செலவு கூடுகிறது. 1.9 என்பது லிட்டருக்கு 52.6 கிலோமீட்டர், 2.1 என்பது 47.6. அமைப்புகளுக்குள் போய் அலகை மாற்றிவிடுங்கள், குழப்பம் தீரும்.

பலகாரத்தைப் பிரிப்பதற்குப் பெட்ரோலைப் பிரிக்க முடியாது, ஓட்டத்தைத்தான் பிரிக்க வேண்டும். கடைக்குப் போகும்போது டிரிப் மீட்டரைச் சுழியில் வைத்து, திரும்பி வந்ததும் குறித்துக்கொள்ளுங்கள். மாதக் கடைசியில் வியாபார ஓட்டத்தைக் கிலோமீட்டர் செலவால் பெருக்கிப் பலகாரக் கணக்கில் ஏற்றுங்கள். தூக்குச் சுமை இருக்கும்போது மைலேஜ் குறையும் என்பதால் இது கொஞ்சம் உங்களுக்கு நட்டமாகவே விழும். அதற்கு மேல் நுணுக்கம் பார்த்தால் முறுக்கு கருகிவிடும்.

கண்டனூர் ஆச்சி

டிரிப் மீட்டரை நான் இதுவரை தொட்டதே இல்லை. இன்றைக்கே பார்க்கிறேன். நன்றி அண்ணே.

தேவகோட்டை ரஸ்தா

இழை நல்ல இடத்துக்கு வந்திருப்பதால் என் அனுபவத்தையும் எழுதுகிறேன். 100 சிசி பைக், பள்ளி வேலைக்காகத் தினமும் காரைக்குடி போய் வருகிறேன். நிரப்பலிலிருந்து நிரப்பலுக்கு ஒழுங்காக எழுதி வந்தேன். வழக்கமாக 58. பிறகு 57, 54, 50, 49 என்று இறங்கியது. சக ஆசிரியர்கள் எல்லோரும் ஒரே குரலில் எத்தனால் பெட்ரோல் என்றார்கள். பங்க்கில் அளவு குறைக்கிறார்கள் என்றும் சொன்னார்கள்.

பங்க்கில் அளவுப் பாத்திரம் கேட்டேன். 5 லிட்டர் முத்திரையிட்ட பாத்திரம் அங்கே இருக்க வேண்டும், வாடிக்கையாளர் கேட்டால் அளந்து காட்ட வேண்டும். 5 லிட்டருக்கு 25 மில்லி வரை முன்பின் அனுமதி. அளந்ததில் அந்த எல்லைக்குள்தான் இருந்தது. 25 மில்லி என்பது அரை சதவீதம். என் வண்டியில் விழுந்திருப்பதோ 15 சதவீதம். ஆக அந்தச் சந்தேகம் போயிற்று.

பிறகு செயலியில் சர்வீஸ் பதிவுகளைப் பெட்ரோல் வரைபடத்தின் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இறக்கம் தொடங்குவதற்குச் சற்று முன்னே, ஒரு பட்டறையில் பின் பிரேக் ஷூ மாற்றியதற்கான பதிவு இருந்தது. சந்தேகம் வந்து, வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் போட்டு, நியூட்ரலில் பின் சக்கரத்தைக் கையால் சுழற்றினேன். ஒரு சுற்றுகூட முழுதாகச் சுற்றாமல் நின்றது. பிரேக் இறுகிப்போய், ஓடும்போதெல்லாம் ஷூ டிரம்மோடு உரசிக்கொண்டே இருந்திருக்கிறது. சரிசெய்யும் நட்டைத் தளர்த்தி, மிதியில் சரியான இடைவெளி வைத்ததும் அடுத்த நிரப்பலில் 56, அதற்கடுத்து 57.

பெட்ரோல் கணக்கோடு சர்வீஸ் தேதியும் ஓடோமீட்டரும் ஒரே இடத்தில் இருந்ததால்தான் இது கண்ணில் பட்டது. பட்டறைச் சீட்டைப் பணத்துக்காக மட்டும் எழுதாமல், என்ன வேலை செய்தார்கள் என்றும் ஒரு வரி எழுதுங்கள். 'சர்வீஸ், 850 ரூபாய்' என்று எழுதியிருந்தால் எனக்கு ஒன்றும் தெரிந்திருக்காது.

பட்டறைப் பாண்டி

ஆசிரியர் சொன்னதில் ஒன்றைச் சேர்க்கிறேன். புது ஷூ போட்ட உடனே கொஞ்சம் உரசும், அது படிய வேண்டும். ஆனால் சக்கரம் கையால் சுற்றும்போது ஒரு சுற்றிலேயே நின்றால் அது படிகிற உரசல் அல்ல. இன்னொரு அடையாளம்: பிரேக்கை அதிகம் பிடிக்காமல் ஓட்டி வந்து நிறுத்தியதும் டிரம் பக்கம் கையை அருகில் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். சூடு அடித்தால் உரசுகிறது. முதலில் டயர் காற்றைப் பார்த்துவிடுங்கள், அதற்குச் செலவே இல்லை. செயின் வறண்டு இறுகியிருந்தாலும் இதே கதைதான்.

செக்காலை சிவா

அப்படியென்றால் எத்தனாலுக்குப் பங்கே இல்லை என்கிறீர்களா? நான் நம்ப மாட்டேன். என் வண்டி 2014 மாடல். 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் வந்த பிறகு மைலேஜ் குறைந்ததை நானே உணர்கிறேன்.

தேவகோட்டை ரஸ்தா

பங்கு இல்லை என்று சொல்லவில்லை. ஒரே அளவு பெட்ரோலைவிட எத்தனாலில் ஆற்றல் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு, ஆகவே மைலேஜ் குறைந்தே தீரும். நிதி ஆயோக் 2021-இல் வெளியிட்ட எத்தனால் கலப்பு அறிக்கையில், இ10-க்கு ஏற்பச் சரிசெய்த இருசக்கர வண்டிகள் இ20-இல் ஓடும்போது 3 முதல் 4 சதவீதம் வரை குறையலாம் என்று இருக்கிறது. 58 ஓடும் வண்டி 56-க்கு வரும். 49-க்கு வராது. உங்கள் வண்டியில் எவ்வளவு குறைந்தது, எப்போதிலிருந்து?

செக்காலை சிவா

கணக்கு எழுதவில்லை. ஆனால் ரிசர்வுக்கு முன்னைவிடச் சீக்கிரம் வந்துவிடுகிறது.

பேரேடு

அப்படியானால் வாதத்தை வாய்தா போட்டு, இன்றிலிருந்து எழுதத் தொடங்குங்கள்.

செக்காலை சிவா

எழுதுகிறேன் ஐயா. ஆனால் இ20-க்கு முந்தைய எண் என்னிடம் இல்லை, எதோடு ஒப்பிடுவது? ஆகவே என் கருத்தை நானும் மாற்றப்போவதில்லை.

கோட்டையூர்க்காரன்

இன்னொரு சந்தேகம். செயலியில் இந்த மாதம் ஒரு கிலோமீட்டருக்கு 5.92 ரூபாய் என்று வருகிறது. பின் டயர் மாற்றியதற்கு 1,800 ரூபாய் எழுதினேன். பஸ்ஸில் போனால் மலிவு போலிருக்கிறதே.

பேரேடு

இந்த மாதம் 450 கிலோமீட்டர் ஓடியிருப்பீர்கள். 1,800-ஐ 450-ஆல் வகுத்தால் 4 ரூபாய். பெட்ரோலுக்கு 100-ஐ 52.1-ஆல் வகுத்தால் 1.92. இரண்டையும் கூட்டிச் செயலி உங்களைப் பயமுறுத்துகிறது. அந்த டயர் இந்த மாதத்தோடு தேய்ந்து போய்விடுமா? பழைய டயர் எத்தனை கிலோமீட்டர் உழைத்தது?

கோட்டையூர்க்காரன்

வண்டியோடு வந்தது. 18,000 கிலோமீட்டருக்குச் சற்று மேல்.

பேரேடு

புதியதும் அவ்வளவு உழைத்தால் கிலோமீட்டருக்கு 10 காசு. அவ்வளவுதான் டயர் செலவு. மாத வரைபடத்தை மூடிவிட்டு ஆண்டுக் கணக்கைப் பாருங்கள். டயர், பேட்டரி, செயின் செட் மூன்றுக்கும் மாற்றிய ஓடோமீட்டரை எழுதி வைத்தால், அடுத்த முறை மாற்றும்போது ஒவ்வொன்றும் கிலோமீட்டருக்கு எத்தனை காசு தின்றது என்று தானே தெரியும். இன்சூரன்ஸை நான் சேர்க்க மாட்டேன். வண்டி திண்ணையோரம் நின்றாலும் அதைக் கட்டியாக வேண்டும், ஓட்டத்தோடு அதற்கு உறவில்லை.

தேவகோட்டை ரஸ்தா

ஐயா, இங்கே நான் உடன்பட மாட்டேன். பஸ்ஸா வண்டியா என்று ஒப்பிடுகிறவருக்கு இன்சூரன்ஸும் செலவுதானே? பஸ் டிக்கெட்டில் அதெல்லாம் அடக்கம்.

பேரேடு

வண்டியை விற்றுவிடலாமா என்ற கேள்விக்குச் சேருங்கள். இன்று வண்டியை எடுக்கலாமா, பஸ்ஸில் போகலாமா என்ற கேள்விக்குச் சேர்க்காதீர்கள். கேள்வி இரண்டு, ஆகவே கணக்கும் இரண்டு.

புதுவயல் அரிசி

நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். எண்ணெய் மாற்ற 3,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை நினைவூட்டும்படி செயலியில் வைத்தேன். நினைவூட்டவே இல்லை. 4,000 தாண்டிய பிறகுதான் நானாகப் பார்த்தேன். அப்பாவின் வண்டியில் வைத்ததும் அப்படியே.

பட்டறைப் பாண்டி

செயலி உங்கள் ஓடோமீட்டரை எட்டிப் பார்ப்பதில்லை. நீங்கள் கடைசியாக எழுதிய எண் வரைக்கும்தான் அதற்குத் தெரியும். நடுவில் பெட்ரோல் பதிவை விட்டிருப்பீர்கள், அதனால் வண்டி இன்னும் அங்கேயே நிற்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறது. அப்பா வண்டி எவ்வளவு ஓடுகிறது?

புதுவயல் அரிசி

ரைஸ் மில்லுக்கும் வீட்டுக்கும்தான். மாதம் 100 கிலோமீட்டர் இருந்தால் அதிகம்.

பட்டறைப் பாண்டி

அப்படியானால் அவருக்கு 3,000 வர இரண்டரை ஆண்டு ஆகும். எண்ணெய் அதுவரை காத்திருக்கக் கூடாது. ஓட்டம், காலம் இரண்டையும் வைத்து, எது முதலில் வருகிறதோ அதற்கு நினைவூட்டச் சொல்லுங்கள். எத்தனை கிலோமீட்டர், எத்தனை மாதம் என்பதை வண்டியோடு வந்த புத்தகத்தில் பார்த்துப் போடுங்கள். வண்டிக்கு வண்டி மாறும், நான் சொல்வதையோ பக்கத்து வீட்டுக்காரர் சொல்வதையோ போடாதீர்கள். சின்னச் சின்ன ஓட்டமாகவே ஓடும் வண்டியில் இன்ஜின் முழுச் சூட்டுக்கு வருவதே இல்லை. எண்ணெயும் சீக்கிரம் கெடும், மைலேஜும் குறைவாகத்தான் வரும். அப்பாவிடம் மைலேஜ் பற்றிச் சண்டை போடாதீர்கள்.

கோட்டையூர்க்காரன்

பழைய பதிவுகளில் மூன்று குறிகளை எடுத்துவிட்டேன். 86, 27, 112 எல்லாம் மறைந்து ஒரே ஒரு 52.1 வந்துவிட்டது. செயலியை மாற்றவில்லை. ஆனால் கைப்பேசி கெட்டால் எல்லாம் போய்விடுமே, அதற்கு என்ன செய்வது?

தேவகோட்டை ரஸ்தா

ஃபியூலியோ என்றால் கூகுள் டிரைவுக்கோ டிராப்பாக்ஸுக்கோ நகல் அனுப்ப வசதி இருக்கிறது, CSV கோப்பாகவும் எடுக்கலாம். வேறு செயலி என்றால், புதிதாக எழுதத் தொடங்கும் முன்னே CSV எடுக்க முடிகிறதா, அதற்குப் பணம் கேட்கிறதா என்று பார்த்துவிடுங்கள். அந்தக் கோப்பு கையில் இருந்தால் பேரேடு ஐயாவின் விரிதாளில் அப்படியே ஒட்டலாம்.

கண்டனூர் ஆச்சி

டிரிப் மீட்டரைப் பார்த்தேன். ஓடவே இல்லை. மேலே பெரிய எண்ணும் போன வாரம் இருந்த இடத்திலேயே நிற்கிறது. முள்ளும் அசையவில்லை. இதை எழுதினால் மைலேஜ் எவ்வளவு வரும்?

பட்டறைப் பாண்டி

சுழிதான் வரும் ஆச்சி. ஸ்பீடோமீட்டர் கேபிள் அறுந்திருக்கும், அல்லது முன் சக்கரத்தில் இருக்கும் பல்சக்கரம் தேய்ந்திருக்கும். பெரும்பாலும் கேபிள்தான், சின்ன வேலை. மாற்றும் வரை பெட்ரோல் பதிவைத் தொடர்ந்து எழுதுங்கள், செலவுக் கணக்குக்கு அது வேண்டும். கேபிள் மாற்றியதும் தொட்டியை நிரப்பி, அந்தப் பதிவில் முந்தையது விடுபட்டது என்ற குறியை இட்டுவிடுங்கள். கோடு அங்கிருந்து புதிதாகத் தொடங்கும். புதுவயல் போகும் வழியில் பட்டறைக்கு வண்டியைக் கொண்டுவாருங்கள், காலை பத்து மணிக்கு மேல் இருப்பேன்.